கேப்ஷன் சோதனையில் 18-உம் 11-உம்

ஒரே ரீலை இரண்டு மூன்று கேப்ஷன்களோடு வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி, எது எடுபடுகிறது என்று பார்ப்பதுதான் கேப்ஷன் சோதனை. ஃபேஸ்புக் 2023-இல் இதைக் கைபேசிக்கே கொண்டுவந்தது. நான்கு கேப்ஷன்கள் வரை எழுதிக் கொடுத்தால் போதும். பார்வையாளர்களைப் பிரிப்பது, எண்ணுவது, முந்தியதை நிலையாகப் போடுவது எல்லாம் தானாகவே நடக்கும். ஊர்ப் பெயரில் பேஜ் நடத்துபவர்கள் சறுக்குவது அந்தக் கடைசி வேலையில்தான்.

திருவக்கரைக் கல்மரப் பூங்காவைப் பற்றிய ஒரு ரீலை எடுத்துக்கொள்ளலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்துவரும் இடம் அது. அங்கே கிடக்கும் மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையானவை. முதல் கேப்ஷன்: ‘2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே.’ இரண்டாவது: ‘டைனோசர் காலத்து மரம் நம்ம ஊர்ல!’ ஒவ்வொன்றும் 120 பேருக்குக் காட்டப்படுகிறது. வழி காட்டும் இணைப்பை முதலாவதில் 11 பேரும் இரண்டாவதில் 18 பேரும் தொடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டைனோசர் ஒன்றரை மடங்குக்கும் மேல் முந்திவிட்டதாகத் தோன்றும். பேஜ் நடத்துபவரின் நண்பர் எவரேனும் ‘அறுபது சதவீதம் அதிகம்’ என்று கணக்கும் சொல்லிவிடுவார். இப்படிச் சதவீதமாகச் சொன்னதும், அதற்குப் பின்னால் இருப்பவர்கள் ஏழே பேர் என்பது மறைந்துபோகிறது.

இதைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சம அளவு ஆட்களுக்குக் காட்டப்பட்டு, தொட்டவர்கள் அதில் சிறு பங்காக இருந்தால் இது பொருந்தும். தொட்டவர்களின் எண்ணிக்கைகளைக் கூட்ட வேண்டும்: 29. அதன் வர்க்கமூலம் சுமார் 5.4, இரு மடங்கு சுமார் 10.8. வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் கேப்ஷனுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று கொள்ளலாம். இங்கே வித்தியாசம் 7. இரண்டு கேப்ஷன்களும் உண்மையில் ஒரே அளவு எடுபடுபவையாக இருந்தாலும், ஐந்தாறு சோதனைகளில் ஒன்றில் இந்த அளவு இடைவெளி தற்செயலாகவே வந்துவிடும். சந்தேகப்படுபவர்கள் இரண்டு பக்கமும் ஒரே கேப்ஷனைக் கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் பெரும்பாலும் ஒன்று ‘ஜெயிக்கும்’.

பெரிய நிறுவனங்களின் கையேடுகள் ‘இன்னும் ஆட்களைச் சேருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். சிற்றூர்ப் பேஜுக்கு அது ஆகிற காரியமில்லை. நூற்றுக்குப் பத்துப் பேர் தொடுவதற்கும் பதின்மூன்று பேர் தொடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நம்பிக்கையோடு பிரித்தறிய, ஒவ்வொரு கேப்ஷனுக்கும் ஏறக்குறைய 1,800 பேர் வேண்டும். பத்தா இருபதா என்றால் 200 பேர் போதும். ஆகவே சின்னப் பேஜில் சொல் மாற்றம், எமோஜி மாற்றம் போன்றவற்றைச் சோதிப்பது வீண். முற்றிலும் வேறான இரண்டு கேப்ஷன்களை மட்டும் மோதவிட வேண்டும். நான்கைக் கொடுத்தால் இருக்கிற கொஞ்ச ஆட்களும் நான்காகச் சிதறுவார்கள். தற்செயலாக ஒன்று முந்தும் வாய்ப்பும் கூடும்.

எதை எண்ணுவது என்பது அடுத்த சிக்கல். தானியங்கிச் சோதனை வெற்றியைத் தீர்மானிப்பது ரீல் எத்தனை முறை ஓடியது என்பதை வைத்து. ரீலோ விரல் நகர்ந்ததும் தானே ஓடத் தொடங்குவது. கேப்ஷன் அதன் அடியில் ஓரிரு வரியாகக் கிடக்கும். ஓடிய பிறகு படிக்கப்படும் வரியை ஓடியதற்குக் காரணமாகக் காட்டுவது நியாயமில்லை. இணைப்பைத் தொட்டவர்கள், சேமித்துவைத்தவர்கள் ஆகியோரைச் சோதனைக்கு முன்பே அளவுகோலாக எழுதிவைத்துக்கொள்வது நல்லது. சோதனை முடியும் நேரத்தையும் அப்போதே எழுத வேண்டும். நடுநடுவே எட்டிப்பார்த்து, பிடித்த கேப்ஷன் முந்தும்போது நிறுத்துபவருக்கு அவர் விரும்பிய முடிவு பெரும்பாலும் கிடைத்துவிடும்.

திருவக்கரைக்கென்று இன்னொரு கண்ணி உண்டு. பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் பெருங்கூட்டம் வரும். அன்று ஊர்ப் பெயரைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள். வேறு நாட்களில் பள்ளி ஆசிரியர்களும் புவியியல் மாணவர்களும் தேடுவார்கள். பௌர்ணமியன்று நடக்கும் சோதனை இரண்டு கேப்ஷன்களையும் நியாயமாகவே பிரித்துக் காட்டும்; ஆனால் அதன் விடை அன்றைய கூட்டத்துக்கு மட்டும்தான். வேறொரு வாரத்தில், இதே போன்ற இன்னொரு ரீலில், அதே இரு கேப்ஷன்களை மறுபடி மோதவிட வேண்டும். அங்கே டைனோசருக்கு 12, மற்றதற்கு 16 என்று வந்தால், மொத்தம் 30-க்கு 27. வித்தியாசம் 3, தேவைப்படுவதோ 15. அதாவது வெற்றி என்று ஒன்று இல்லவே இல்லை.

அந்த நிலையில் எதைப் போடுவது? எண் தீர்ப்பு சொல்லாதபோது வேறு காரணத்தால் தேர்ந்தெடுக்கலாம், அதில் தவறில்லை. பறவைகளை விட்டுவிட்டால், டைனோசர்கள் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. திருவக்கரை மரங்கள் அதற்கு நாலு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. இரண்டும் சம அளவு எடுபடும்போது போட வேண்டியது ‘2 கோடி வருஷம்’ என்ற கேப்ஷனையே. செயலி தானாக வேறொன்றைப் போட்டிருந்தால், கையால் மாற்றிவிடுங்கள்.