கடைசி ஒரு சாண்
டோர் குளோசர் திருப்பப் போகும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்

1. ஸ்க்ரூ டிரைவரைப் பையிலேயே வை. கனமான கதவு படாரென்று அடித்தாலும், தாழ் விழாமல் அரைகுறையாய் நின்றாலும், வந்தவுடன் எல்லோரும் குளோசரில் இருக்கும் ஸ்க்ரூவைத்தான் திருப்புகிறார்கள். கதவு ஒழுங்காக ஆடுகிறதா என்று பார்க்காமல் வால்வைத் தொட்டால், கோளாறு ஒன்று இருந்த இடத்தில் இரண்டு ஆகும். முதலில் குளோசரின் கையைக் கதவிலிருந்து விடுவி. கதவை மூடி வைத்துக் கழற்று. உள்ளே ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருப்பதால் ஸ்க்ரூ விட்டதும் கை சட்டென்று வீசும், முகத்தை அந்தப் பாதையில் வைக்காதே. இப்போது கதவை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிப் பார். தரையில் உரசுகிறதா? நிலையில் எங்காவது பிடிக்கிறதா? ரப்பர் பீடிங் தடித்துப்போய்க் கதவைத் திருப்பித் தள்ளுகிறதா? குளோசர் இல்லாமலே இறுகி நிற்கும் கதவை எந்தக் குளோசரும் நயமாக மூடாது.

2. கனக் கதவில் மேல் கீலைப் பார். பாரம் முழுக்க அங்கேதான் இழுக்கும். ஸ்க்ரூ ஆடினால் கதவு பூட்டுப் பக்கம் தொய்ந்து, நாக்கு ஸ்ட்ரைக்கர் பிளேட்டின் துளைக்குக் கீழே போய் முட்டும். பழைய துளையில் அதே ஸ்க்ரூவை மறுபடி முறுக்குவதால் ஒன்றும் ஆகாது. மர நிலையானால், துளை தளர்ந்த இடத்தில் நீளமான ஸ்க்ரூ போட்டு உள்மரத்தைப் பிடிக்க வை.

3. நாக்கு எங்கே முட்டுகிறது என்று கண்ணால் ஊகிக்காதே. நாக்கின் முனையில் கொஞ்சம் சாக்பீஸ் தேய். கதவை மெதுவாக மூடித் திற. பிளேட்டில் வெள்ளைக் கறை எங்கே படிந்திருக்கிறதென்று பார். துளையின் கீழ் விளிம்பில் கறை இருந்தால் கதவு தொய்ந்திருக்கிறது. முன் விளிம்பில் இருந்தால் பிளேட்டைச் சற்று நகர்த்த வேண்டும், அல்லது வளைந்து நுழையும் உதட்டை ராவ வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் குறை. அதைச் சரிசெய்ய ராவு அரமும் பத்து நிமிடமும் போதும். அதை விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டிக் கதவை அடித்து நுழைத்தால், சில மாதத்தில் நாக்கும் போகும், நிலையும் பிளக்கும்.

4. இனி குளோசர். உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், எண்ணெய், அவ்வளவுதான். கதவைத் திறக்கும்போது நீ ஸ்பிரிங்கை அமுக்குகிறாய். விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் எண்ணெய் ஒரு சிறு துளை வழியாக மறுபக்கம் ஓட வேண்டும். வால்வு ஸ்க்ரூ அந்தத் துளையைப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும். ஆக, மூடும் பலம் ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது, வால்வு வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பலம் போதாத கதவுக்கு வால்வைத் திறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. கதவு வேகமாக வந்து மோதி நாக்கு விழுவது போலத் தோன்றும். உண்மையில் ஓடிவந்த வேகம் அதைத் தள்ளுகிறது. ஒருவர் கதவைப் பாதியில் பிடித்து மெதுவாக விட்டால் தாழ் விழாமல் நிற்கும்.

5. ஆகவே பலத்தை அளவு பார்த்துத் தேர்ந்தெடு. ஐரோப்பியத் தரமான இ.என். 1154 குளோசர்களுக்கு 1 முதல் 7 வரை எண் தருகிறது. அந்த அளவின்படி 3 என்பது 950 மில்லிமீட்டர் அகலம், 60 கிலோ வரை. 4 என்றால் 1100, 80 கிலோ. 5 என்றால் 1250, 100 கிலோ. இதில் அகலம், எடை இரண்டையும் பார்த்து, பெரிய எண்ணைக் கேட்பது எதுவோ அதை எடு. பலர் எடையை மட்டும் கேட்டுவிட்டு வருவார்கள். அகலம் கூடக்கூடக் குளோசருக்கு வேலை கூடும், எடை அப்படியே இருந்தாலும். நெருப்புத் தடுப்புக் கதவுக்கு 3-க்குக் கீழே போகக் கூடாது.

6. கையின் கோணத்தைப் பார். கீல் பக்கத்தில், கதவின் முகத்தில் பெட்டி இருக்கும் சாதாரண அமைப்பில், கை இரண்டு துண்டு. ஒன்று பெட்டியிலிருந்து கிளம்புவது, மற்றொன்று நிலையில் மாட்டும் நீளம் மாற்றக்கூடிய கம்பி. கதவு மூடியிருக்கும்போது அந்தக் கம்பி நிலைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கடைசி இழுப்பு பலம் குறையும். கம்பியின் நீளத்தை மாற்றியே பல கதவுகளைத் தாழ் விழ வைத்துவிடலாம். இந்தக் கணக்கு, கை நிலையோடு இணையாகக் கிடக்கும் அமைப்புக்குப் பொருந்தாது. அங்கே மூடும் பலம் இயல்பாகவே குறைவு, அதனால் ஸ்பிரிங்கைக் கூட்டித்தான் ஈடுசெய்ய வேண்டும்.

7. இப்போதுதான் வால்வு. பெட்டியின் ஓரத்தில் பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். ஒன்று திறந்த நிலையிலிருந்து கடைசி ஒரு சாண் வரை வரும் வேகம், மற்றது அந்த ஒரு சாணுக்குள் நடக்கும் தாழ் வேகம். ஒரு மீட்டர் கதவில் கடைசிப் பதினைந்து பாகைக் கோணம், பூட்டு விளிம்பில் அளந்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. எது எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். மூடியில் அல்லது பெட்டித் தாளில் பார். பார்க்க வழியில்லாவிட்டால் ஒன்றை எட்டில் ஒரு சுற்றுத் திருப்பி, கதவின் எந்தப் பகுதி மாறுகிறதென்று பார். கடிகாரச் சுற்றில் திருப்பினால் மெதுவாகும், எதிர்ச் சுற்றில் வேகமாகும். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதே. ஒவ்வொரு முறையும் கதவை இரண்டு மூன்று தடவை முழுக்கத் திறந்து விட்டுப் பார்த்த பிறகே அடுத்த திருப்பம்.

   பொறுமை இல்லாதவன் எதிர்ச் சுற்றில் சுற்றிக்கொண்டே போவான். வால்வு வெளியே வந்துவிட்டால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும், குளோசர் அத்தோடு தீர்ந்தது. உள்ளே காற்றுப் புகுந்த குளோசரைச் சரிசெய்ய முடியாது.

8. வேகத்தை இப்படி வை. 90 பாகையில் திறந்து விட்டால், ஒரு சாண் இடைவெளி வர நாலைந்து விநாடி, பிறகு தாழ் விழ ஒன்றரை இரண்டு விநாடி. முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் நடமாடும் இடமானால் முதல் பகுதியை இன்னும் மெதுவாக்கு. முதல் பகுதியைத் தொட்ட பிறகே கடைசிப் பகுதி. தலைகீழாகச் செய்தால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

   சோதனை இதுதான். 90 பாகையில் விட்டால் தாழ் விழுந்துவிடும், அது பெரிய விஷயமில்லை. அரைச் சாண் மட்டும் திறந்து, தள்ளாமல் விடு. அங்கிருந்து தாழ் விழுந்தால் கதவு சரி.

9. ஒரு லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் நடந்ததைச் சொல்கிறேன். தேக்குக் கதவு, ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம், 40 மில்லிமீட்டர் கனம். எடை 55 கிலோ தேறும். ஹாலுக்குள் திறக்கும் கதவு. பகலில் தாழே விழாது, இரவில் படாரென்று அடித்து மேல்மாடி விருந்தாளிகளை எழுப்பும். முன்பு வந்தவர் பகலில் வந்து தாழ் வேக வால்வை நன்றாகத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் போனபோது பகல். கையை விடுவித்துப் பார்த்தோம், கீல் சரி, உரசல் இல்லை. சாக்பீஸ் கறை துளையின் நடுவில் விழுந்தது. பிறகுதான் சமையலறையில் ஓடும் பெரிய எக்ஸாஸ்ட் விசிறியைப் பார்த்தோம். அது ஹாலின் காற்றை வெளியே இழுக்கிறது. உள்ளே காற்றழுத்தம் குறைய, வெளிக் காற்று கதவை உள்பக்கமாகத் தள்ளி, மூடுவதைத் தடுக்கிறது. ஒரு ஜன்னலைத் திறந்ததும் கதவு தாழ் விழுந்தது. இரவில் விசிறி நின்றதும் தடை போய்விடும், திறந்த வால்வில் கதவு அடிக்கும்.

   தீர்வு மூன்று படியாக வந்தது. விசிறிக்கு மாற்றுக் காற்று வர வெளிச் சுவரில் ஜாலி வைக்கச் சொன்னோம். மாட்டியிருந்தது 3-ஆம் அளவுக் குளோசர். எடைக்குச் சரி, அகலத்துக்குப் போதாது, அதனால் 4 மாட்டினோம். பிறகு விசிறி ஓட விட்டு, இருப்பதிலேயே கடினமான நேரத்தில் வால்வை வைத்தோம். கடைசியில் விசிறியை நிறுத்தி மறுபடி ஒரு முறை பார்த்தோம். ஜாலி போடும் இந்த யோசனை நெருப்புத் தடுப்புக் கதவுக்கோ, அது இருக்கும் சுவருக்கோ ஆகாது.

10. ஸ்பிரிங் பலம் மாற்றும் ஸ்க்ரூ இருந்தால், அதைக் கடிகாரச் சுற்றில் கூட்டினால் வேகமும் கூடும். ஆகையால் அது முதலில், வால்வு பிறகு. அதிகம் கூட்டாதே. கதவைத் திறக்கவே குழந்தைகளும் பெரியவர்களும் திணறுவார்கள். கம்பெனி சொன்ன சுற்றுக்கு மேல் போகாதே.

11. சில குளோசரில் பேக்செக் என்று மூன்றாவது வால்வு இருக்கும். கதவை வீசித் திறக்கும்போது ஏறத்தாழ 70 பாகையிலிருந்து எண்ணெய் தடுத்து, சுவரில் மோதாமல் இருக்கச் செய்யும். அதைத் தரை ஸ்டாப்பருக்குப் பதிலாக நம்பாதே. காற்றில் அடிக்கும் கதவுக்கு ஸ்டாப்பர் தனியாக வேண்டும். பேக்செக்கை முழுக்க அடைத்தால் கை வளையும், ஆணியைப் பிடுங்கும்.

12. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடத்தில் உச்சி வெயிலில் வைத்த வேகம் அதிகாலையில் இருக்காது. குளிரில் எண்ணெய் தடித்து மெதுவாகும். அங்கே மறுநாள் காலையில் ஒருமுறை போய்ப் பார்.

13. பெட்டியின் அடியில், கை கிளம்பும் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பசை தெரிகிறதா? சீல் போய்விட்டது. வால்வை எவ்வளவு திருப்பினாலும் கதவு அடிக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பிக்கொண்டிராமல், புதிது மாட்டச் சொல். எண்ணெய் ஊற்றிச் சரி செய்கிறேன் என்று சொல்பவனை ஸ்பிரிங் மூடியைத் திறக்க விடாதே. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் கண்ணைக் கொண்டுபோகும்.