பயிற்சிக்கு முன் சில கேள்விகள்

காலை வேளைகளில் மயிலாப்பூர் உடற்பயிற்சிக் கூடமொன்றில் உதவியாளனாக இருக்கிறேன். எடை குறைக்க விரும்பித் தியாகராய நகர்த் துணிக்கடை விற்பனையாளர் ஒருவர் வந்தார். நெஞ்சுவலி, மயக்கம் உண்டா என்று முதலில் கேட்டேன். இருந்திருந்தால் மருத்துவரிடம்தான் அனுப்பியிருப்போம். "இல்லை" என்றார். "அடிபட்டதுண்டா?" என்றதற்கும் அதே பதில். "படி இறங்கும்போது எங்காவது வலிக்கிறதா?" என்றதும் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். வலியைப் பலர் காயமாகக் கருதுவதில்லை. ஆகவே அசைவைச் சொல்லிக் கேட்பதே நலம்.

அடுத்து, அவருடைய நாளை விசாரித்தேன். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. செவ்வாய் மட்டும் விடுமுறை. எழுத நினைத்திருந்த ஆறு நாள் அட்டவணையைக் கைவிட்டேன். பயிற்சியாளரின் ஒப்புதலோடு செவ்வாய், வெள்ளி காலை அரை மணி என்று முடிவாயிற்று. உட்கார்ந்தெழும் பயிற்சியை நாற்காலி உயரத்தோடு நிறுத்தினோம். மறுநாள் முழங்கால் வலித்தால் இன்னும் உயரமான இருக்கை.