பேட்ஜ் வாங்கும் முன்

வேலை தேடுகிறவர்கள் முதலில் லிங்க்ட்இன் அடையாளச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் காட்டினால் போதும். காசு கிடையாது, சில நிமிட வேலைதான். ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் உள்ள பெயர் ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்துகிறது. உங்கள் பட்டத்தையோ அனுபவத்தையோ யாரும் பார்க்கவில்லை. உங்களுக்கு வேலை தருவதாக ஒருவர் எழுதினாலும் இதே கணக்குதான். அவருடைய சரிபார்ப்புக் குறியைத் தட்டிப் பாருங்கள். அடையாளம் மட்டும் சரிபார்க்கப்பட்டிருந்தால், அவர் அந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பதற்கு அது சான்றில்லை. அலுவலக மின்னஞ்சல் வழியாகப் பணியிடமும் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது திறன் தேர்வு. இங்கே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தேர்வை யார் கண்காணித்தார்கள்? எழுதச் சொன்னார்களா, தேர்ந்தெடுக்கச் சொன்னார்களா? லிங்க்ட்இன் 2019-ல் தொடங்கிய திறன் தேர்வில் 15 கொள்குறி வினாக்கள். முதல் 30 சதவீதத்தில் வந்தால் பேட்ஜ். கண்காணிப்பு இல்லை, விடைகள் கிட்ஹப்பில் தொகுப்பாகவே கிடந்தன. 2023-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

என் தங்கை மகன் இதுபோன்ற ஓர் எஸ்க்யூஎல் பேட்ஜோடு நேர்காணலுக்குப் போனான். “2024 தொடக்கத்திலிருந்து ஒரு ஆர்டரும் போடாத வாடிக்கையாளர்களைப் பட்டியலிடு” என்றார்கள். லெஃப்ட் ஜாயின் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நான்கு விடைகளில் அதைச் சரியாகத் தொட்டுவிடுவான். எழுதும்போது தேதி நிபந்தனையைக் கடைசி வரியில், `WHERE`-க்குள் வைத்துவிட்டான். ஆர்டர் இல்லாதவருக்குத் தேதியும் இல்லை, அதனால் எல்லா வரிகளும் கழிந்து பட்டியல் காலியாக வந்தது. நிபந்தனை இருக்க வேண்டிய இடம் `ON`:

```sql
SELECT c.name
FROM customers c
LEFT JOIN orders o
  ON o.customer_id = c.id
 AND o.order_date >= '2024-01-01'
WHERE o.id IS NULL;
```

அவன் படித்திருந்தது உண்மை. விடையைக் கண்டால் அடையாளம் தெரியும் என்பதை மட்டுமே பேட்ஜ் காட்டியது, வெறும் தாளில் எழுதும் கை வேறு.

ஏடபிள்யூஎஸ் போன்ற கண்காணிப்புத் தேர்வுகளுக்கு எடை அதிகம். அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள்; சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அசோசியேட் நிலைத் தேர்வுக்கு 150 டாலர் ஆகும் என்பதால் அவசரப்படாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் 20 விளம்பரங்களை எடுத்து, எத்தனை அந்தச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்கின்றன என்று எண்ணுங்கள். குறைந்தது ஐந்து தேறினால் பணம் கட்டலாம் என்பது என் கணிப்பு. அதற்குக் கீழே என்றால் அந்த மாதத்தை வேறு வேலைக்குக் கொடுங்கள்.

தங்கை மகன் அப்படித்தான் செய்தான். தான் தவறிய கேள்வி உட்பட ஆறு கேள்விகளை மாதிரித் தரவோடு எழுதி, ஒவ்வொன்றிலும் எங்கே வழுக்கும் என்று இரண்டு வரி சேர்த்து, இணைப்பை விண்ணப்பத்தின் மேலேயே வைத்தான். அடுத்த நேர்காணலில் பேட்ஜைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்றாவது கேள்வியை ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார்கள்.