பாட்டின் மூன்று உறுப்புகள்

இசை பயிலத் தொடங்கும் மாணவர்க்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் மூன்றையும், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆபோகி இராகத்தில் இயற்றிய ‘சபாபதிக்கு’ என்னும் கீர்த்தனத்தைக் கொண்டு விளக்குவாம்.

பல்லவி பாட்டின் கருத்தை எடுத்து நிறுத்துவது. ஆதலின் அதனை எடுப்பு என்பர். அதனைத் தொடர்ந்து வரும் அனுபல்லவி தொடுப்பு எனப்படும். அது பெரும்பாலும் மேல் ஸ்தாயி ஷட்ஜத்தை நாடி ஏறும். ‘சபாபதி’, ‘கிருபாநிதி’ என இவ்விரண்டன் முதற்சொற்களும் ‘பா’ என்னும் ஒலியால் எதுகைபோல் இயைதல் காண்க.

சரணம் கருத்தை விரித்துரைப்பது. ஈண்டு அது ஆசிரியர் பெயரையும் தாங்கி, ‘தில்லை’ என்னும் சொல்லோடு நிற்கின்றது. அங்கேயே பாட்டை நிறுத்துவோமாயின் பொருள் குறைபடும். பல்லவிக்கு மீள்வோமாயின் தில்லைச் சபாபதி எனத் தொடர் நிரம்பும். ஆகவே, பல்லவிக்கு மீளுதல் வெறும் வழக்கன்று. பொருளை முடிக்கும் வழியுமாம். மீளுங்கால், பல்லவி முதற்கண் தாளத்தில் எவ்விடத்துத் தொடங்கிற்றோ அவ்விடத்திலேயே தொடங்குதல் வேண்டும்.