கூட்டிக் கழித்துப் பார்ப்போம்: வங்கிக் குறுஞ்செய்தியை வாசிக்கும் முறை



2025ஆம் ஆண்டு மே மாத விடுமுறையின்போது, அரியூர் நாட்டிலுள்ள எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் ஒரு மனக்கசப்பு உண்டாயிற்று. காரணம், மூன்று குறுஞ்செய்திகள். அவர்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால் செல்போனுக்கு டவர் கிடைக்காது. மேட்டு ரோட்டுக்கு ஏறி வந்தால்தான் செய்திகள் வரும். மாத இறுதியில் ஒருநாள் அவள் அம்மா ரோட்டுக்கு வந்தபோது, வங்கியிலிருந்து மூன்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசிச் செய்தியில் இருந்த தொகை, அம்மா மனத்தில் போட்டு வைத்திருந்த கணக்கைவிடக் குறைவாக இருந்தது. வங்கி அட்டையை எடுத்துக்கொண்டு ஏ.டி.எம்.முக்குப் போய்வந்தவன் மூத்த மகன். “எவ்வளவுடா எடுத்தே? உண்மையைச் சொல்லு!” என்று அம்மா கேட்க, அவன் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

பள்ளி திறந்ததும் தோழி அந்தச் செய்திகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். நாங்கள் அதைக் கணக்கு ஆசிரியை சிஸ்டரிடம் காட்டினோம். அவர், “திட்டுவதற்கு முன் கூட்டிக் கழித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். அன்று நாங்கள் கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

செய்திகள், வந்த வரிசையிலேயே, பின்வருமாறு இருந்தன:

```
A/c XX4821 Dr Rs.2,000.00 29-05-25 ATM WDL Avl Bal Rs.4,214.00
A/c XX4821 Cr Rs.6,400.00 26-05-25 NEFT Avl Bal Rs.7,150.00
A/c XX4821 Dr Rs.480.00 27-05-25 UPI Avl Bal Rs.6,670.00
```

முதலில் குறியீடுகளைப் பார்ப்போம். `A/c XX4821` என்பது கணக்கு எண். முழு எண்ணையும் காட்டாமல் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் வங்கி காட்டுகிறது. இதைப் பாஸ்புக்கிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால், இதில்தான் முதல் குழப்பம் நேரும்.

`Dr` என்பது பற்று. அதாவது பணம் வெளியே போனது. `Cr` என்பது வரவு; பணம் உள்ளே வந்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் தம்பி இந்த `Dr` என்பதை “டாக்டர்” என்று வாசித்து, வங்கியில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டானாம்! சிரிப்பாக இருந்தாலும், இந்த ஈரெழுத்தைத் தவறாகக் கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

அடுத்து வருவது பணம் சென்ற வழி. `NEFT` என்றால் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு அனுப்பப்பட்டது. தோழி வீட்டில் 10 கிலோ மிளகைக் கிலோ 640 ரூபாய்க்கு விற்றிருந்தார்கள். வியாபாரி அனுப்பிய பணம் அது. இங்கே 10 × 640 = 6,400 என்று சரிபார்க்க வேண்டும். `UPI` என்றால் செல்போன் வழியாகச் செலுத்தியது; மளிகைக் கடைச் சீட்டில் 480 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். `ATM WDL` என்றால் இயந்திரத்தில் ரொக்கமாக எடுத்தது. கையில் வந்த நோட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும்.

கடைசியில் நிற்கும் `Avl Bal` என்பதுதான் மிக முக்கியமானது. அந்தச் செயலுக்குப் பின், நாம் எடுக்கக்கூடிய நிலையில் கணக்கில் மீதமிருக்கும் தொகை அது. காசோலை போட்டு அது இன்னும் பணமாகவில்லை என்றாலும், ஏதேனும் ஒரு காரணத்துக்காக வங்கி ஒரு தொகையை நிறுத்தி வைத்திருந்தாலும், அது இந்த இருப்பில் சேராது.

இனி சிஸ்டர் சொல்லிக்கொடுத்த சோதனையைக் காண்போம். செய்திகளை வந்த வரிசையில் வாசிக்கக்கூடாது. டவர் இல்லாத இடங்களில் பிந்தியது முந்தி வரும். ஆகவே செய்திக்குள் இருக்கும் தேதியைப் பார்த்து அடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு செய்திக்கும் இந்தச் சிறிய கணக்கைப் போட வேண்டும்: முன் இருப்புடன் வரவைக் கூட்டினாலும், அதிலிருந்து பற்றைக் கழித்தாலும், புதிய இருப்பு வரவேண்டும்.

மே 26க்கு முன் பாஸ்புக்கில் இருந்தது 750 ரூபாய். 750 + 6,400 = 7,150. சரி. மே 27 அன்று 7,150 − 480 = 6,670. இதுவும் சரி. மே 29 அன்று 6,670 − 2,000 = 4,670 வரவேண்டும். ஆனால் செய்தியில் இருப்பதோ 4,214. வேறுபாடு 456 ரூபாய்.

இதன் பொருள் யாது? 27ஆம் தேதிச் செய்திக்கும் 29ஆம் தேதிச் செய்திக்கும் இடையில் 456 ரூபாய் போயிருக்கிறது. அதற்குரிய செய்தி மட்டும் வந்து சேரவில்லை. செல்போன் நெடுநேரம் டவருக்கு வெளியே இருந்தால் சில செய்திகள் காலாவதியாகி வராமலே போய்விடும். சில வங்கிகள் சிறு தொகைகளுக்குச் செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டன. எனவே செய்தி வரவில்லை என்பதால் பணம் போகவில்லை என்று எண்ணலாகாது. காணாமற்போன செய்தியை அடுத்த செய்தியின் இருப்புத் தொகைதான் காட்டிக்கொடுக்கும்.

அண்ணன் எடுத்திருப்பானோ? “ஏ.டி.எம். எந்த நோட்டுகளைத் தருகிறது?” என்று சிஸ்டர் கேட்டார். 100, 200, 500 என்றோம். சொல்லும்போதே எங்களுக்கு விடை புரிந்துவிட்டது. 456 ரூபாயை எந்த இயந்திரமும் எண்ணிக் கொடுக்காது! அண்ணன் எடுத்தது செய்தியில் உள்ளபடி 2,000 மட்டுமே.

பின்னர் தோழியின் அம்மா வங்கிக்குச் சென்று பாஸ்புக்கில் பதிவு போட்டுவந்தார். மே 28 என்ற தேதியில் இரண்டு வரிகள் இருந்தன: ஒன்று 436 ரூபாய், மற்றொன்று 20 ரூபாய். 436 என்பது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டின் ஓராண்டுக் கட்டணம். 20 என்பது பிரதம மந்திரி சுரக்ஷா விபத்துக் காப்பீட்டின் ஓராண்டுக் கட்டணம். 2015இல் தொடங்கிய இவ்விரு திட்டங்களுக்கும் முதலில் 330, 12 என்றிருந்த கட்டணங்கள் 2022 ஜூன் முதல் உயர்த்தப்பட்டன. சேர்ந்தவர்கள் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் வங்கி தானாகவே இதை எடுத்துக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் கையெழுத்திட்டது அம்மாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மகனை அழைத்து, “தம்பி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றாராம்.

இதே சோதனை பொய்ச் செய்தியையும் பிடித்துக் கொடுக்கும். “உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் வரவு” என்று ஒரு செய்தி வரும். உடனே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “தவறி அனுப்பிவிட்டேன் அம்மா, பிள்ளைக்கு மருத்துவச் செலவு, திருப்பி அனுப்புங்கள்” என்று கெஞ்சுவார். உண்மையில் பணமே வந்திராது. செய்தி மட்டும் அவரே தட்டெழுதியது. அவருக்கு நம் முன் இருப்பு தெரியாது. ஆகவே அச்செய்தியில் இருப்புத் தொகை இராது. இருந்தாலும் நம் கணக்கோடு பொருந்தாது. முந்தைய இருப்பு 4,214 என்றால், 5,000 வரவுக்குப் பின் 9,214 என்று இருக்க வேண்டும் அல்லவா? வங்கியின் செய்தி பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து வராது. எழுத்துகளாலான பெயரிலிருந்துதான் வரும். 2025 முதல் அப்பெயரின் முடிவில் `-S`, `-T` போன்ற எழுத்தும் சேர்ந்து வருகிறது. `-P` என்றிருந்தால் அது விளம்பரம். ஆயினும் பெயரையும் போலியாக்க முடியும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், பாஸ்புக்கில் கண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இருப்புத் தொகையைக் கவனித்ததால் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் பணம் வந்த சிலரின் கணக்கில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கூறி வங்கிகள் அதிலிருந்து பிடித்துக்கொண்டன. `Cr` செய்தியைக் கண்டு மகிழ்ந்தவர்களுக்கு அடுத்து வந்தது `Dr` செய்தி. இதை அறிந்த அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அவ்வாறு பிடித்தம் செய்யக்கூடாது என்று வங்கிகளை எச்சரித்தார்.

ஆகவே `CHG` அல்லது `CHRG` என்ற எழுத்துகளோடு ஒரு பற்று வந்தால், அது எதற்கான கட்டணம் என்று கேட்க வேண்டும். குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் குறித்து ரிசர்வ் வங்கி 2014இல் விதித்த நெறி உண்டு. அதன்படி வங்கி முதலில் செய்தி அனுப்பி ஒரு மாத அவகாசம் தரவேண்டும். அக்கட்டணத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது.

நாம் செய்யாத பற்று ஒன்று செய்தியில் கண்டால் என்ன செய்வது? நாளைக் கடத்தக் கூடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதி இதற்கு ஒரு கால வரம்பைச் சொன்னது. நம்மிடமும் வங்கியிடமும் தவறு இல்லாமல் வேறொருவர் பணத்தை எடுத்திருந்தால், செய்தி கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நமக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் என்றால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு நாம் ஏற்க வேண்டிய இழப்பு அதிக அளவாக 5,000 ரூபாய். ஆனால் இரகசிய எண்ணை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம்முடைய இழப்பே. மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணையும் உடனே அழைக்கலாம்.

இப்போது எங்கள் தோழி வீட்டில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் தேதி, வரவு, பற்று, இருப்பு என்று நான்கு பத்திகள். அம்மா ரோட்டுக்குப் போய்வந்த நாளில் மகள் செய்திகளை வாசிக்க, அண்ணன்தான் எழுதுகிறான். ஜூன் மாதம் முழுவதும் எழுதிய கணக்கில் ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை. அடுத்த மே மாதத்துக்கான பக்கத்தின் மேல் அம்மா சொல்லி எழுத வைத்த வரி இது: “கடைசி வாரம் 436ம் 20ம் போகும், யாரையும் கேட்க வேண்டாம்.”