மூன்று நாள் மருந்தும் என் ஏழு வாரமும்

திம்புள்ளயில் பெப்ரவரி மாத இரவுகளில் குளிர் கடிக்கும். அப்படியொரு மாதத்தில் எனக்குத் தடிமன் பிடித்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. மூக்கு அடைத்தால் கொழுந்து எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதை வாசத்தில் பிடிக்க முடியாது. ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் ஒக்சிமெட்டாசோலின் ஸ்ப்ரே வாங்கினேன். அடித்துப் பத்து நிமிடத்துக்குள் மூக்கு திறந்தது. அன்று இரவு முழுக்க நிம்மதி.

தடிமன் ஒரு வாரத்தில் போய்விட்டது. அடைப்பு மட்டும் போகவில்லை. முதலில் பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கிய மருந்து, பிறகு ஆறு மணித்தியாலம், கடைசியில் மூன்று மணித்தியாலம்தான் தாங்கியது. போத்தல் தலையணைக்குக் கீழே இல்லாவிட்டால் தூக்கம் வராது. சளி இல்லை, தும்மல் இல்லை, காய்ச்சல் இல்லை; ஆனாலும் அடைப்பு. ஏழாவது வாரத்தில்தான் காது, மூக்கு, தொண்டை டொக்டரிடம் போனேன்.

"எத்தனை நாளா அடிக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு விளக்கினார். மூக்குக்குள் இருக்கும் சதைமடிப்புகளில் இரத்தம் நிரம்பி வீங்குவதுதான் அடைப்பு. அந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை வற்றச் செய்கிறது. நாள்கணக்கில் அடித்தால் குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடும்; அதன் வேகம் குறைந்ததும் முன்னைவிட அதிகமாக வீங்கும். சைலோமெட்டாசோலினும் இதே இனம்தான். நான் நோயென்று நினைத்துப் போராடியது மருந்து உண்டாக்கிய அடைப்போடு.

இரண்டு மூக்கிலும் ஒரேயடியாக நிறுத்தப் பயமாக இருந்தது. முதலில் வலது மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார். இரண்டு பக்கமும் தினமும் அடிக்க ஸ்டீரொயிட் ஸ்ப்ரே ஒன்றும் தந்தார். அது உடனே திறந்துவிடாது. சில நாள் விடாமல் அடித்தால்தான் வேலை செய்யும். கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவினேன், தலையணையை உயர்த்திப் படுத்தேன். முதல் ஐந்து இரவு கஷ்டம்தான். எட்டாவது நாள் வலது மூக்கில் காற்று தாராளமாகப் போனது. அதன்பிறகு இடது பக்கமும் நிறுத்தினேன்.

இப்போது ஒக்சிமெட்டாசோலின் ஸ்ப்ரே வாங்கினால், திறந்த தேதியைப் போத்தலில் பேனாவால் எழுதிவிடுவேன். மூன்று நாளோடு நிறுத்திவிடுவேன். சில போத்தல்களின் தாளில் ஐந்து, ஏழு நாள் என்றிருக்கும்; அதைத் தாண்டவே கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நீங்களாக அடிக்காதீர்கள். தடிமன் போன பிறகும் ஸ்ப்ரே தேவைப்பட்டால், இன்னொரு போத்தல் வாங்காமல் டொக்டரிடம் போங்கள்.