‘டு’வுக்குப் பின்னால் எது வரும்?

‘டு வந்தால் அடுத்து வெர்ப்பின் முதல் வடிவம்தான்’ என்று எங்கள் கோச்சிங் சென்டரில் ஒரு விதி சொல்லித் தந்தார்கள். எஸ்எஸ்சி தேர்வுக்குப் படித்த காலத்தில், எரர் ஸ்பாட்டிங் பகுதியில் என் மதிப்பெண்ணை அதிகம் தின்றது இந்த ஒரு வரிதான். சி.ஜி.எல். முதல் நிலைத் தேர்வில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு 0.50 கழிவு. பிழை உள்ள வாக்கியத்தைப் பிழையில்லை என்று குறித்தால் வரவேண்டியதும் போய், கையில் இருப்பதும் குறையும்.

நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்துவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் பயிற்சித் தாள் போடுகிறவராகத்தான் இருப்பீர்கள். அதனால் என்னைக் கவிழ்த்த வாக்கியத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

‘ஷி ஈஸ் யூஸ்ட் டு டிரைவ் இன் ஹெவி டிராஃபிக்.’ நெரிசலில் வண்டி ஓட்டிப் பழகியவள் என்று சொல்ல வருகிற வாக்கியம். எங்கள் விதிப்படி பார்த்தால் டு இருக்கிறது, பின்னால் டிரைவ் இருக்கிறது, எல்லாம் சரி. நானும் ‘நோ எரர்’ என்று குறித்தேன். ஆனால் ‘டிரைவிங்’ என்றுதான் வர வேண்டும். வகுப்பில் இதைக் கேட்டபோது, “அது விதிவிலக்கும்மா, மனப்பாடம் பண்ணிக்கோ” என்றார் சார். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. விதிவிலக்கு என்று ஒன்றும் அங்கே இல்லை. இரண்டு வேறு டு இருக்கின்றன, அதை அவர் சொல்லவே இல்லை.

வெறும் ‘யூஸ்ட் டு’ என்றால், முன்பு வழக்கமாகச் செய்தோம், இப்போது இல்லை என்று பொருள். அங்கே டு அடுத்த வெர்ப்போடு சேர்ந்தது, முதல் வடிவம்தான் வரும். அதற்கு முன்னால் ஆம், ஈஸ், ஆர், வாஸ் போன்ற ஒன்றோ, ‘கெட்’டோ வந்து, பழகிப்போனதைச் சொன்னால் கதை மாறிவிடுகிறது. அங்கே யூஸ்ட் என்பது ‘பழகிய’ என்கிற அட்ஜெக்டிவ். டு என்பது இன், அட் மாதிரி ஒரு ப்ரெபோசிஷன். அதன் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், வெர்ப் வந்தால் ஐஎன்ஜி சேர்ந்துதான் வரும். ‘லுக் ஃபார்வர்ட் டு’, ‘அப்ஜெக்ட் டு’ இரண்டிலும் இதே டுதான்.

எது எந்த டு என்று கண்டுபிடிக்க, அதற்குப் பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஷி ஈஸ் யூஸ்ட் டு இட்’ என்பது முழு வாக்கியமாக நிற்கிறது. ‘ஷி யூஸ்ட் டு இட்’ நிற்காது. இட் நின்றால் ஐஎன்ஜி, நிற்காவிட்டால் முதல் வடிவம். இதை நானேதான் உட்கார்ந்து கண்டுகொண்டேன், அதன் பிறகு அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். கட்டிய பணம் போனதே என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

இதைக் கற்ற சூட்டில் அடுத்த பள்ளம் காத்திருக்கும். ‘எ ஹேமர் ஈஸ் யூஸ்ட் டு டிரைவ் நெயில்ஸ்.’ இங்கேயும் ஈஸ் யூஸ்ட் டு, இங்கேயும் டிரைவ். கை தானாக டிரைவிங் என்று திருத்தப் போகும். திருத்தாதீர்கள், இது சரியான வாக்கியம். ஆணி அடிக்கச் சுத்தியல் பயன்படுகிறது என்பதே பொருள். யூஸ் என்ற வெர்ப்பின் பேசிவ் வடிவம் அது. ‘யூஸ்ட்’டை எடுத்துவிட்டு ‘அக்கஸ்டம்ட்’ போட்டால் உடனே தெரிந்துவிடும். அவள் நெரிசலுக்குப் பழகலாம், சுத்தியல் எதற்கும் பழகாது. எழுவாய் ஒரு பொருளாக இருந்தால் ஐஎன்ஜி சேர்க்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்ல யூஸ்ட் டுவைப் போலவே ‘வுட்’டும் வரும். அந்த வுட் விஷயத்தில் நம்மைத் தள்ளிவிடுவது நம் தமிழே. ‘சின்ன வயசில் ஆற்றில் குளிப்போம்’ என்று கடந்த கால வழக்கத்தை எதிர்கால வடிவத்தில்தான் சொல்கிறோம். வுட்டும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது, அதனால் நமக்கு அது சீக்கிரம் வசப்படும். ஆனால் தமிழில் ‘அப்போ எங்க வீட்டில் ரெண்டு மாடு இருக்கும்’ என்றும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அங்கே வுட் வராது. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கே வுட். இருந்தது, வைத்திருந்தது, வசித்தது, பிடித்தது போன்ற நிலைகளுக்கு யூஸ்ட் டுதான், அல்லது வெறும் கடந்த காலம்.

திருத்தச் சொல்லி வரும் பத்தி ஒன்றை இப்படி வைத்துக்கொள்வோம். ‘வென் வி லிவ்ட் இன் த வில்லேஜ், வி வுட் ஹேவ் டூ கௌஸ். மை கிராண்ட்ஃபாதர் வுட் மில்க் தெம் எவ்ரி மார்னிங். ஐ டிடின்ட் யூஸ்ட் டு டிரிங்க் காஃபி தென். நௌ ஐ ஆம் யூஸ்ட் டு டிரிங்க் இட் த்ரைஸ் எ டே.’

மாடு வைத்திருந்தது ஒரு நிலை, ஆகவே ‘யூஸ்ட் டு ஹேவ்’ அல்லது ‘ஹேட்’. தாத்தா தினமும் பால் கறந்தது செயல், காலமும் முன் வாக்கியத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. அந்த வுட்டைத் தொட வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றுகிறவர்கள்தான் அதிகம். மூன்றாவதில், டிட் வந்துவிட்டால் யூஸ்ட் தன் கடைசி டியை இழந்து யூஸ் ஆகிவிடும். ‘டிட் கோ’ என்கிறோம், ‘டிட் வென்ட்’ என்பதில்லை, அதே கணக்கு. பேச்சில் அந்த டி காதில் விழாது என்பதால் எழுத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ‘டிடின்ட் கெட் யூஸ்ட் டு’ என்று வந்தால் டி அப்படியே இருக்கும். டிட் மாற்ற வேண்டிய வெர்ப் அங்கே கெட், யூஸ்ட் அட்ஜெக்டிவ். நான்காவதற்கு இட் போட்டுப் பாருங்கள், ‘டிரிங்கிங்’ என்று வந்துவிடும்.

இப்போதைய வழக்கத்துக்கு ‘ஐ யூஸ் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்று எழுதுவது நம் பக்கத்தில் சகஜம். யூஸ்ட் டுவுக்கு நிகழ்காலம் கிடையாது, ‘ஐ யூஷுவலி கெட் அப்’ என்று மாற்றிவிட்டு மேலே போங்கள்.

கடைசியாக ஒன்று. ‘வி யூஸ்ட் டு லிவ் இன் சேலம் ஃபார் ஸிக்ஸ் இயர்ஸ்’ என்பது பிழை. மொத்தம் இத்தனை வருடம், மொத்தம் இத்தனை தடவை என்று முடிந்த கணக்கைச் சொன்னால் யூஸ்ட் டுவும் வராது, வுட்டும் வராது, ‘வி லிவ்ட்’ போதும். எங்கள் சென்டரின் அச்சுத் தாளில் இதைச் சுருக்குகிறேன் என்று ‘எண் இருந்தால் யூஸ்ட் டு தவறு’ என்று போட்டிருந்தார்கள். அந்தத் தாளை நம்பினால் ‘வி யூஸ்ட் டு மீட் ட்வைஸ் எ வீக்’ என்ற நல்ல வாக்கியத்தையும் அடித்துவிடுவீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை என்பது மொத்தக் கணக்கு இல்லை, அதுதான் வழக்கம். அங்கே யூஸ்ட் டு சரி, பிழை இருந்தால் வாக்கியத்தின் வேறு பகுதியில் தேடுங்கள்.